450-ஐத் தாண்டியது, மூன்றரைக்குள் திரும்பியது

கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்கார்ந்து சார்ட் படிக்கிறேன். ஒரே பங்கில் 3,000 ரூபாய் போனது இன்னும் உறுத்துகிறது.

அந்தப் பங்கு நாலு மாதமாக 420-க்கும் 450-க்கும் நடுவிலேயே இருந்தது. 450-ஐ மூன்று முறை தொட்டுத் திரும்பியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு 457 போனது. தடையை உடைத்து மேலே போகும் பிரேக்அவுட் என்று நம்பி 456-ல் நூறு பங்கு டெலிவரியில் வாங்கினேன். விலை இறங்கினால் தானாக விற்றுவிடும் ஸ்டாப்லாஸ் போடவில்லை. மூன்றரைக்குச் சந்தை மூடும்போது விலை 446. சார்ட்டில் அன்றைய விலையைக் காட்டும் கேண்டிலில் மேலே நீளமான வால் மட்டும்தான் மிச்சம்.

எத்தனை பங்கு கைமாறியது என்ற வால்யூமை இரவுதான் பார்த்தேன். இருபது நாள் சராசரி எட்டு லட்சம், அன்று ஆறு லட்சம்தான். 450-க்கு மேலே காத்திருந்த வாங்கும் ஆர்டர்கள் விலையைக் கொஞ்சம் தூக்கியிருக்கின்றன. அவை தீர்ந்ததும் அந்த விலையில் வாங்க ஆளில்லை.

மறுநாளே விற்றிருக்கலாம். ஏறும் என்று காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை 439-ல் விற்கப் போனால், டீமேட்டில் வந்துவிட்ட பங்கு என்பதால், அதை எடுக்க அனுமதி தரும் ரகசிய எண்ணான TPIN, அப்புறம் OTP கேட்டது. OTP போனது பழைய எண்ணுக்கு. ஓய்வு பெற்றபோதே அந்த சிம்மை விட்டுவிட்டேன். எண் மாற்றும் படிவம் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று ஒரு முறை திரும்பி வந்தது. வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் "காத்திருங்கள் சார்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. அடுத்த வியாழன் எண் மாறியபோது விலை 426, அதில்தான் விற்றேன். நஷ்டத்தில் 1,300 ரூபாய் இந்த ஒரு வாரத்தில் போனதுதான். வாங்குவதற்கு முன்பே டீமேட்டில் உள்ள எண்ணைச் சரிபாருங்கள். விற்கும் பங்கை எடுத்துக்கொள்ள புரோக்கருக்கு அனுமதி தரும் DDPI படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் விற்கும்போது TPIN தேவைப்படாது. நான் இப்போது போட்டுவிட்டேன்.

ஐந்து வாரம் கழித்து அதே பங்கு பகலில் 454 போனது. கை துறுதுறுத்தது. மூன்றரை வரை தொடக்கூடாது என்று போனை அலமாரியில் வைத்துவிட்டேன். 447-ல் மூடியது. எனக்கு அன்று அவ்வளவு நிம்மதி!

இன்னும் மூன்று வாரத்தில் 461-ல் மூடியது, வால்யூம் பத்தொன்பது லட்சம். அன்றும் வாங்கவில்லை. நாலாம் நாள் குறைந்த வால்யூமில் 451 வரை இறங்கி, பழைய தடையான 450-ஐ ஒட்டியே நின்றது. மறுநாள் பச்சைக் கேண்டில் வந்த பிறகு 455-ல் வாங்கி, உடனே 441-ல் ஸ்டாப்லாஸ் போட்டேன். போனால் சுமார் 1,400 போகும் என்று தெரிந்தே வாங்கியது.

எல்லாப் பங்கும் இப்படித் திரும்பி வந்து நிற்பதில்லை. இன்னொரு பங்கு 210-ஐத் தாண்டியது, திரும்பவே இல்லை, 240 வரை போனது. அதைத் துரத்தாமல் விட்டுவிட்டேன்.