அறுபத்தெட்டு எண்ணிக்கை

"எம்டிஏவுக்குக் கீழதானே இருக்கு? அப்ப குறைவுன்னு போட்டு அனுப்பு தம்பி. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அண்ணன் அன்று சொன்னது இவ்வளவுதான். எம்டிஏ என்பது எங்கள் டிடெக்டர் தவறாமல் கண்டுபிடித்துவிடும் என்று சொல்லக்கூடிய மிகக் குறைந்த கதிரியக்க அளவு. எங்கள் ஆய்வகத்தின் நடைமுறைத் தாளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அறிக்கையும் அப்படியே போனது. ஆனாலும் அந்தப் பேச்சு இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மாதிரி ஒரு கிலோ மீன் சதை. இங்கே பாத்தாங் என்று விற்கிறார்களே, அந்த வஞ்சிரம். 2023 ஆகஸ்டில் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்து நீரைக் கடலில் விடத் தொடங்கியதிலிருந்து, கதிரியக்கச் சீசியம் பார்த்துத் தரச் சொல்லிக் கேட்கிற இறக்குமதியாளர்கள் கூடிவிட்டார்கள். மாரினெல்லி பீக்கரில் நிரப்பி, அதன் அடிக்குழி ஜெர்மானியம் டிடெக்டரின் மேல் பொருந்தும்படி வைத்து, விழும் காமாக்களை 60,000 வினாடி எண்ண விட்டேன். சாயங்காலம் வைத்தால் மறுநாள் காலையில் முடிந்துவிடும்.

சீசியம்-137 இருந்தால் 661.7 கிலோஎலக்ட்ரான்வோல்ட்டில் சிகரம் எழும். அந்தச் சாளரத்தில் 468 எண்ணிக்கை இருந்தது. இரு பக்கத்துச் சானல்களையும் வைத்துக் கணக்கிட்டால் அடியில் கிடக்கும் பின்னணி 400. மிச்சம் 68. திரையில் பார்த்தால் சிகரம் என்று சத்தியம் பண்ண முடியாது, லேசாகப் புடைத்த மாதிரி இருந்தது. பின்னணியில் பெரும்பங்கு மீனுடைய பொட்டாசியம்-40 தருவது. அதன் 1461 காமாக்கள் டிடெக்டரில் ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டுத் தப்பிப்பதால் கீழே முழுக்கப் படுகை விரிகிறது. டிடெக்டர் அதேதான், நேரமும் அதேதான் என்றாலும், கருவாட்டுக்கு எம்டிஏ கூடுவது இதனால்தான்.

கர்ரி 1968-இல் எழுதிய கணக்கு எல்லா ஆய்வகத்துக்கும் பாடம்:

```
LC = 2.33 √B
LD = 2.71 + 4.65 √B
```

B என்பது பின்னணி. அது 400 என்றால் முதல் கோடு LC 46.6, இரண்டாவது கோடு LD 95.7. எங்கள் பீக்கருக்குத் திறன் 2.5 சதவீதம், 661.7 காமா வெளிவரும் விகிதம் 85.1 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் கிலோவுக்கு ஒரு பெக்கரல், அதாவது வினாடிக்கு ஒரு சிதைவு, இருந்தால் சுமார் 1276 எண்ணிக்கை விழ வேண்டும். ஆக 95.7-ஐ அதால் வகுத்தால் எம்டிஏ 0.075 பெக்கரல், என் 68-க்குக் கிடைப்பது 0.053, அதில் நிச்சயமின்மை 0.023.

68 இரண்டு கோடுகளுக்கும் நடுவில் விழுகிறது. சிக்கலே அங்கேதான். எம்டிஏ என்பது எண்ணத் தொடங்குமுன் கொடுக்கிற வாக்கு: இவ்வளவு இருந்தால் 100-க்கு 95 தடவை தவறவிட மாட்டேன் என்பது. எண்ணி முடித்த பிறகு 'இருக்கிறதா, இல்லையா' என்று முடிவெடுக்க வேண்டியது முதல் கோட்டை வைத்து. ஒன்றுமே இல்லாத மீன் 46.6-ஐத் தாண்டுவது 100-க்கு 5 தடவைதான். 68 தாண்டிவிட்டது. அப்படியானால் அது கண்டறியப்பட்டது. இரண்டாவது கோட்டோடு ஒப்பிட்டு 'இல்லை' என்பது வாக்கையும் முடிவையும் போட்டுக் குழப்புவது. இதை அண்ணனிடம் சொன்னேன். பக்கத்தில் பிஸ்மத்-214-இன் 665 வரியும் வரும், 1.5 சதவீதம்தான் என்றாலும் ரேடான் ஏறிய நாளில் அது வலப் பக்கச் சானல்களில் விழுந்து பின்னணியைக் கெடுக்கும். அதே பிஸ்மத்தின் பெரிய வரியான 609-ஐப் பார்த்து அதையும் சரிபார்த்தேன், ஒன்றும் பெரிதாக இல்லை என்றேன்.

அவர் மறுக்கவில்லை. காப்பிக்கடைக்குப் போகிற வழியில், தே ஓ சொல்லிவிட்டு, வேறொன்று கேட்டார். "நம்ம லைப்ரரில எத்தனை நியூக்ளைடு இருக்கு?" மென்பொருள் தேடுகிற கதிரியக்க அணுக்களின் பட்டியலைத்தான் கேட்டார். இருபது என்றேன். "ஒவ்வொண்ணுக்கும் 100-க்கு 5. அப்ப ஒவ்வொரு மாதிரியிலயும் சராசரியா ஒண்ணு பொய்யாத் தலைகாட்டும். எல்லாத்தையும் கண்டறிஞ்சோம்னு எழுதுவியா?"

இது சரியான அடி. ஆனால் நான் இருபதிலும் தேடவில்லை, சீசியம்-137 ஒன்றைத்தான் பார்த்தேன். 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளில் விழுந்த சீசியத்தின் மிச்சம் இன்னும் எல்லாக் கடலிலும் இருக்கிறது, அரையாயுள் 30 வருடம் அல்லவா. ஒரு கிலோ மீனில் 0.05 பெக்கரல் இருந்தால் ஆச்சரியம் இல்லை, துளியும் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "அப்படி முடிவு பண்ணது ஸ்பெக்ட்ரத்தைப் பாக்குறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

பதில் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. வாடிக்கையாளர் கேட்டதே சீசியம்தான், அதனால் முன்னால்தான் என்று இப்போது தோன்றுகிறது. அதே தாளில் சீசியம்-134, அயோடின்-131 என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள் என்பதும் கூடவே ஞாபகம் வருகிறது.

சரி, இன்னொரு தடவை எண்ணு என்றார். எண்ணினேன். பின்னணி அதே 400, மிச்சம் 31. இது முதல் கோட்டுக்கே கீழே. "பாத்தியா" என்பது போல ஒரு பார்வை. ஆனால் இரண்டும் முரண் இல்லை. வித்தியாசம் 37, அந்த வித்தியாசத்தின் நிச்சயமின்மையே 41. உண்மையில் கிலோவுக்கு 0.04 இருந்தால் எதிர்பார்ப்பு 50 சொச்சம், கிட்டத்தட்ட கோட்டின் மேலேயே. பாதி தடவை மேலே விழும், பாதி தடவை கீழே. அதையேதான் நான் பார்த்தேன். இரண்டையும் கூட்டினால் மிச்சம் 99, பின்னணி 800, கோடுகள் 66-உம் 134-உம். மறுபடியும் நடுவில்! நேரம் இரட்டித்தும் எம்டிஏ 0.053-க்குத்தான் இறங்கியது. பாதியாக வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் வேண்டும், அதாவது இரண்டே முக்கால் நாள். டிடெக்டருக்கு வரிசையில் நிற்கும் மாதிரிகளை வைத்துக்கொண்டு அது நடக்காது. அப்புறம் இன்னொன்று: முதல் எண்ணிக்கை கோட்டுக்குக் கீழே இருந்திருந்தால் நான் திரும்ப எண்ணியே இருக்க மாட்டேன். விரும்பினபோது மட்டும் திரும்ப எண்ணிவிட்டுக் கூட்டுவது எவ்வளவு நேர்மை?

வாடிக்கையாளர் பக்கம் நின்று பார்த்தால் அண்ணன் சொன்னதில் தவறு சொல்ல முடியவில்லை. ஜப்பானின் உணவு வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல். இது அதில் ஈராயிரத்தில் ஒரு பங்கு. 'சீசியம் கண்டறியப்பட்டது' என்று எழுதினால் அவர் அந்த வார்த்தையை மட்டும்தான் படிப்பார். பிளஸ் மைனஸ் 0.023 யார் கண்ணில் படும்? எங்கிருந்து வந்தது என்று கேட்டாலும் சொல்ல வழியில்லை. ஃபுகுஷிமாவில் 2011-இல் சீசியம்-137-ஓடு சரிக்குச் சரியாக வெளிவந்த சீசியம்-134-க்கு அரையாயுள் இரண்டே வருடம், எண்பதில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. அது காணவில்லை என்பது எதையும் நிரூபிக்காது.

ஆனால் பழைய பணித்தாள்களைப் புரட்டியபோது வேறொன்று தெரிந்தது. 'குறைவு' என்று போன மீன்களின் மிச்ச எண்ணிக்கை பூஜ்யத்தைச் சுற்றி இரு பக்கமும் சிதறவில்லை. பெரும்பாலும் பூஜ்யத்துக்கு மேலேயே இருந்தன. தனித்தனியாக ஒன்றும் சொல்லாத எண்கள் சேர்ந்து எதையோ சொல்கின்றன, நாங்கள் வெளியே விடுவது மட்டும் ஒரே மாதிரி "< 0.075". நாளை யாராவது சராசரி கேட்டால், பூஜ்யம் போடுவதா, 0.075 போடுவதா, பாதி போடுவதா? மூன்றும் பொய். உண்மையான எண் எங்கள் கோப்பிலேயே இருக்கிறது, நிச்சயமின்மையோடு.

இப்போது எண்ணத் தொடங்குமுன், எந்த நியூக்ளைடைத் தேடுகிறேன் என்பதைத் தாளில் எழுதித் தேதி போட்டு வைக்கிறேன். அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி நிதானமாகப் படித்துவிட்டு, "நல்ல பழக்கம்தான். மீதி பத்தொன்பதுல ஒண்ணு கோட்டைத் தாண்டினா, தேடலைன்னு விட்டுடுவியா?" என்றார்.