சிவப்பு ஒயினின் துவர்ப்பு, புளிப்பு, கனம்

குன்னூரில் ஒரு விடுதியின் உணவகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி தருவது என் பொறுப்பு. சிவப்பு ஒயினை முதன்முதலில் சுவைத்துவிட்டு அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அண்மையில் சேர்ந்த கோத்தகிரித் தம்பி ஒருவரும் அதையே சொன்னார்: "நல்லா ஸ்ட்ராங்கா இருக்குக்கா." ஈறு வறண்டதா, நாக்கின் ஓரம் கூசியதா, தொண்டையில் சூடு பரவியதா என்று கேட்டேன். மூன்றுமே என்றார். அவர் உணர்ந்தது சரிதான். ஆனால் இந்த மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு. அவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரியாதவரையில், எந்த உணவுக்கு எந்த ஒயின் என்று கேட்கும் விருந்தினருக்கு நம்மால் உதவ முடியாது.

ஈறு வறள்வது டானின் என்னும் துவர்ப்புப் பொருளால். திராட்சையின் தோல், விதை, காம்பு ஆகியவற்றிலிருந்தும், ஓக் மரப் பீப்பாயில் வைத்திருந்தால் அந்த மரத்திலிருந்தும் டானின் ஒயினுக்குள் இறங்குகிறது. சிவப்பு ஒயினைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே நொதிக்க விடுவதால்தான் வெள்ளை ஒயினைவிட அதில் டானின் மிகுந்திருக்கிறது. நம் உமிழ்நீர் வழுவழுப்பாக இருப்பதற்கு அதிலுள்ள புரதங்கள் காரணம். டானின் அந்தப் புரதங்களைப் பற்றிக்கொண்டு திரிந்துபோகச் செய்வதால், மேல் ஈறும் கன்னத்தின் உட்புறமும் சொரசொரப்பாக ஒன்றோடொன்று உரசத் தொடங்குகின்றன. எனவே இதை நாக்கின் நுனியில் தேடுவதில் பயனில்லை. விழுங்கிய பிறகு மேலுதட்டை ஈறின்மேல் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

புளிப்பு இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. திராட்சையின் முதன்மையான அமிலம் டார்டாரிக்; அது வாயில் பட்டதும் உமிழ்நீர் சுரக்கிறது. விழுங்கியபின் வாயைச் சற்றுத் திறந்து தலையைக் குனிந்தால், நாக்கின் அடியிலும் இரு ஓரங்களிலும் நீர் ஊறுவது தெரியும். எவ்வளவு விரைவாக ஊறுகிறது, எவ்வளவு நேரம் தொடர்கிறது என்பதைக் கொண்டு அமிலத்தன்மையை மதிப்பிடலாம். சிக்கல் என்னவென்றால், அமிலம் மிகுந்த ஒயினில் டானினின் வறட்சியும் கூடுதலாகத் தோன்றும். வறட்சியும் நீரூறலும் ஒரே நேரத்தில் நடக்கும்போது தொடக்க நிலையில் இருப்பவர் குழம்புவது இயல்பே.

இந்தக் குழப்பத்தை நான் ஒயினைக் கொண்டு தீர்ப்பதில்லை. நம் தோட்டத்துத் தேநீரைக் கொண்டே தீர்க்கிறேன். தேயிலையின் துவர்ப்புப் பொருள்களும் உமிழ்நீர்ப் புரதத்தை இதே விதமாகத்தான் பற்றுகின்றன. ஒரே அளவு தேயிலையை இரண்டு குவளைகளில் போட்டு, ஒன்றை 2 நிமிடத்திலும் மற்றொன்றை 8 நிமிடம் கழித்தும் வடிகட்டி, பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஆறவைத்துக் கொடுப்பேன். இரண்டாவது குவளை தரும் வறட்சி டானினுடையது. பிறகு முதல் குவளையில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுத் தருவேன். அப்போது ஊறும் நீர் அமிலத்தால் வருவது. கடைசியாக, துவர்க்கும் இரண்டாவது குவளையில் பால் ஊற்றினால் வறட்சி பெருமளவு அடங்கிவிடும். பாலின் புரதத்தை டானின் முதலில் பற்றிக்கொள்வதால் உமிழ்நீருக்கு மிஞ்சுவது குறைவு. டானின் மிகுந்த ஒயினைப் பாலாடைக்கட்டியோடும் இறைச்சியோடும் பரிமாறுவதன் காரணத்தைத் தனியே விளக்க வேண்டிய தேவை அதன்பின் இருப்பதில்லை.

கனத்தை, அதாவது பாடி என்று சொல்லப்படுவதை, தேநீரால் காட்ட முடியாது. ஒயின் வாய்க்குள் இருக்கும்போதே, விழுங்குவதற்கு முன், அது நாக்கின்மேல் எவ்வளவு அடர்த்தியாகப் படிகிறது என்பதே கனம். தொண்டையில் சூடு பரப்பும் அதே ஆல்கஹாலுக்குத்தான் அதில் பெரும்பங்கு உண்டு. திராட்சையிலிருந்து இறங்கிய மற்ற கரைபொருள்களும், இருந்தால் எஞ்சிய சர்க்கரையும் அதற்குத் துணைசெய்கின்றன. நிறத்தைப் பார்த்துக் கனத்தைச் சொல்வதுதான் நான் அடிக்கடி திருத்தும் பழக்கம். கருஞ்சிவப்பான ஒயின் மெல்லியதாகவும், வெளிறிய ஒயின் கனமாகவும் இருக்கலாம். 12.5 சதவீதமும் 14.5 சதவீதமும் ஆல்கஹால் உள்ள இரண்டு ஒயின்களை லேபிளை மறைத்து அடுத்தடுத்துக் கொடுத்தால் வேறுபாடு தெளிவாகிவிடும். முதலில் வாயால் முடிவு செய்துவிட்டு, பிறகே லேபிளைப் பார்க்க வேண்டும்.

இனி அந்தத் தம்பியின் ஒயினுக்கு வருகிறேன். அது நாசிக் பகுதியில் விளைந்த கேபர்னே சாவின்யோன் என்னும் திராட்சை வகையின் ஒயின், லேபிளில் 13.5 சதவீதம் என்றிருந்தது. டிசம்பர் மாலையில் வெப்பமூட்டி இல்லாத அறையிலிருந்து எடுத்த புட்டி என்பதால், வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது 12 டிகிரி செல்சியஸ் காட்டியது. ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் நீலகிரிக் குளிரில் அந்த விதி பொருந்தாது. குளிர்ந்த சிவப்பு ஒயினில் மணம் எழுவதில்லை, துவர்ப்பும் கசப்பும் முன்னே வந்து நிற்கும். அவர் "ஸ்ட்ராங்" என்றதில் பாதி, ஒயினின் இயல்பல்ல, அந்தக் குளிர்தான்.

கிண்ணத்தை இரு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். 17 டிகிரியை எட்டியபின் மூன்று மடக்குகள். முதல் மடக்கு வாயை ஒயினுக்குப் பழக்குவதற்கு மட்டுமே. அதைக் கொண்டு எதையும் தீர்மானிப்பதில்லை. இரண்டாவதை வாயில் சில நொடிகள் வைத்துக் கனத்தை மட்டும் கவனித்து, துப்பியபின் நீரூறலைக் கவனித்தார். பிறகு ஒரு துண்டு ரொட்டி, தண்ணீர், சிறிது இடைவெளி. டானினின் வறட்சி ஒவ்வொரு மடக்கிலும் சேர்ந்துகொண்டே போவதால், இந்த இடைவெளி இல்லையென்றால் ஐந்தாவது ஒயின் முதலாவதைவிடத் துவர்ப்பாகத் தோன்றுவது உறுதி. மூன்றாவது மடக்கில் ஈறு.

அவர் எழுதியது இதுதான்: "கனம் நடுத்தரத்துக்குச் சற்று மேல். புளிப்பு நடுத்தரம், நீர் ஊறிச் சீக்கிரம் நின்றுவிடுகிறது. டானின் அதிகம், ஆனால் பொடிபொடியாக, மேல் ஈறில் மட்டும்." கடைசித் தொடர் எனக்கு மிகவும் நிறைவளித்தது, அளவை மட்டுமல்லாமல் தன்மையையும் கவனித்திருக்கிறார். நன்கு பழுத்த திராட்சையின் டானின் இப்படி மென்பொடியாக உணரப்படும். பழுக்காத தோலும் விதையும் தரும் டானின் கரடுமுரடாக, பெரும்பாலும் கசப்போடு சேர்ந்து வரும். வெப்பமான பகுதிகளில் திராட்சை பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறி அமிலம் குறையும், அந்தச் சர்க்கரையே நொதித்து ஆல்கஹாலாகும் என்பதால், அவர் குறித்த கனமும் மிதமான புளிப்பும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

இதில் ஒரு வரம்பு உண்டு. உமிழ்நீர் சுரக்கும் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால், எனக்கு நடுத்தரமாகத் தெரியும் டானின் அவருக்கு அதிகமாகத் தெரியலாம். அதனால் ஒவ்வொரு பயிற்சியின் தொடக்கத்திலும் ஒரே ஒயினை எல்லாருக்கும் கொடுத்து, அதை நடுத்தரம் என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதைவிடக் கூடுதல், அதைவிடக் குறைவு என்றே எழுதச் சொல்கிறேன்.