0.93 என்று காட்டிய என் நோட்புக்

டேட்டா வைத்துக் கணிக்கும் போட்டிகள் நடக்கும் கேகிள் தளத்தில் முதல் சப்மிஷன் போட எனக்கு நாலைந்து நிமிடம்தான் ஆனது. ஸ்பேஸ்ஷிப் டைட்டானிக் போட்டியின் `Code` பகுதிக்குப் போனேன். மற்றவர்கள் கோடும் விளக்கமுமாக எழுதிப் பகிரும் நோட்புக்குகளில் நிறைய வோட்டு வாங்கிய ஒன்றை எடுத்து, `Copy & Edit` அழுத்தி ஓடவிட்டேன். வந்த `submission.csv`-ஐ அப்படியே அனுப்பினேன். 0.80-க்குக் கொஞ்சம் மேலே ஸ்கோர் வந்தது. பெருமையாக, கூட வேலை பார்க்கும் நண்பரிடம் காட்டினேன். அவர் ஸ்க்ரோல் செய்துகொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தினார்.

"விட்டுப்போன செலவுக்கெல்லாம் ஏன் சைபர் போட்டிருக்கே?"

"அதுல அப்படித்தான் இருந்துச்சு" என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்குக் கூச்சமாகிவிட்டது.

போட்டி தெரியாதவர்களுக்கு: அது ஒரு கற்பனை விண்கலம். பயணிகளில் யார் வேறொரு பரிமாணத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டார்கள் என்று கணிக்க வேண்டும். விடையோடு தரப்படும் டிரெயினில் 8693 பேர், விடை இல்லாத டெஸ்டில் 4277 பேர். எத்தனை சதவீதம் சரியாகச் சொல்கிறோம் என்பதே ஸ்கோர்.

அடுத்த வாரம் மூன்றே மூன்று நோட்புக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஸ்கோர் வரிசையில் மேலே இருந்த சிலவற்றை வேண்டுமென்றே ஒதுக்கினேன். அவற்றில் மாடலே கிடையாது. மற்றவர்களின் விடைக் கோப்புகளைக் கூட்டி, இதற்கு 0.4, அதற்கு 0.6 என்று எடை போட்டுக் கலந்திருந்தார்கள். அந்த எடை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், லீடர்போர்டு ஏறும்வரை மாற்றிப் பார்த்ததிலிருந்து. அதில் படிக்க எனக்கு எதுவும் இல்லை.

படிக்கும் முறையையும் மாற்றினேன். நோட்புக்கில் எழுதியவர் டேட்டாவைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு கூற்றையும் ஒரு தாளில் எழுதுவேன். பிறகு டேபை மூடிவிட்டு, அந்தக் கூற்று உண்மையா என்று நானே கோட் எழுதிப் பார்ப்பேன். கோடைத் திரும்பப் பார்க்காமல் எழுதுவதுதான் கஷ்டம். ஆனால் எந்த வரி எனக்குப் புரியவில்லை என்பது அங்கேதான் தெரிந்தது.

நண்பர் கேட்ட சைபரையே முதலில் எடுத்தேன். `CryoSleep` என்று ஒரு பத்தி உண்டு. பயணம் முழுக்க உறைநிலையில் உறங்கியவர்களைக் குறிப்பது. தூங்குபவர் ஸ்பாவுக்கோ சாப்பாட்டுக்கோ எப்படிச் செலவழிப்பார்? சரிபார்த்தேன்: உறங்கியவர்களில் பதிவான செலவு ஒருவருக்குக்கூட சைபரைத் தாண்டவில்லை. ஆக, உறங்கியவருடைய `RoomService` காலியாக இருந்தால் அது சைபர்தான். இன்னொரு நோட்புக் அதே இடத்தில் பத்தியின் சராசரியைப் போட்டிருந்தது, சுமார் 225. தூங்கிக்கொண்டிருப்பவர் அறைக்கு 225-க்கு வரவழைத்துச் சாப்பிட்டதாக மாடல் படிக்கும்.

இதையே திருப்பிப் போட்டு, "செலவே இல்லையென்றால் உறங்கியவர்" என்று மூன்றாவது நோட்புக் நிரப்பியிருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. `CryoSleep` பதிவாகியிருந்த வரிகளில் ஓட்டிப் பார்த்தால், விழித்திருந்தும் ஒன்றும் செலவழிக்காதவர்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். வயதைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு காரணம் தெரிந்தது: 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் விழித்திருந்தாலும் செலவு செய்வதில்லை. முதல் கூற்றை வைத்துக்கொண்டேன். இரண்டாவதை, செலவு செய்திருந்தால் உறங்கியவர் இல்லை என்ற அளவுக்குச் சுருக்கினேன்.

இப்படி நான்கைந்து கூற்றுகள் தேறியதும் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. அங்கேதான் மாட்டினேன்.

நிஜ டைட்டானிக் கப்பலை வைத்து நடக்கும் பழைய போட்டியில் பிரபலமான ஒரு யோசனை உண்டு. ஒரே குடும்பத்தில் மற்றவர்கள் பிழைத்தார்களா என்று பார்த்து, அதை ஒரு பத்தியாகச் சேர்ப்பது. இங்கேயும் `PassengerId`-யின் முதல் நான்கு இலக்கம் ஒரு பயணக் குழுவைக் குறிக்கிறது. அதே யோசனைதானே என்று சுருக்கி எழுதினேன்:

```python
train["grp"] = train["PassengerId"].str[:4]
train["grp_mean"] = train.groupby("grp")["Transported"].transform("mean")
```

டிரெயினில் ஒரு பங்கை மறைத்துவைத்து மாடலைச் சோதிப்பதுதான் கிராஸ் வேலிடேஷன். அதுவரை 0.80 பக்கம் இருந்த அந்த ஸ்கோர் 0.93-க்குத் தாவியது. ராத்திரி பதினொரு மணி. டெஸ்டில் அந்தப் பத்தி முழுக்கக் காலியாக வந்ததைப் பார்த்தும் சந்தேகப்படாமல், 0.5 போட்டு நிரப்பி அனுப்பினேன். ஸ்கோர், முதல் நாள் காப்பியடித்ததைவிட வெகு கீழே.

மறுநாள் உட்கார்ந்து பார்த்தபோது இரண்டு தவறு இருந்தது. டிரெயினில் 4805 பேர் தனியாக வந்தவர்கள். ஒருவரே உள்ள குழுவின் சராசரி என்பது அவருடைய விடையேதான். பாதிக்கு மேற்பட்டவர்களின் விடையை நானே கேள்வித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய போட்டியில் இதைச் செய்தவர்கள் கணக்கிலிருந்து அந்த நபரை விலக்கியிருந்தார்கள். சுருக்கும்போது நான் விட்டது அந்த ஒரு துண்டைத்தான்.

சரி, அதைத் திருத்தினால் போதுமா? டெஸ்டில் பத்தி ஏன் காலியானது என்று பார்த்தேன்:

```python
tr = set(train["PassengerId"].str[:4])
te = set(test["PassengerId"].str[:4])
print(len(tr & te))
```

வந்தது 0. ஒரு குழு முழுசாக டிரெயினில் இருக்கும், இல்லையென்றால் முழுசாக டெஸ்டில் இருக்கும். பழைய போட்டியில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம் என்று குடும்பங்கள் பிரிந்து கிடந்ததால் அந்த யோசனை வேலை செய்தது. இங்கே எவ்வளவு ஒழுங்காக எழுதினாலும் அதற்கு உயிர் கிடையாது.

அன்றே கிராஸ் வேலிடேஷனில், குழுவைக் கவனிக்காமல் ஆட்களைப் பிரிக்கும் `StratifiedKFold`-ஐ எடுத்துவிட்டு `GroupKFold` போட்டேன். குழுவைப் பிரிக்காமல் மொத்தமாக ஒரு பக்கம் தள்ளும், டெஸ்ட் எப்படி அமைந்திருக்கிறதோ அப்படியே. சராசரியை டிரெயின் பங்கிலிருந்து மட்டும் எடுத்தால், வேலிடேஷன் பக்கத்தில் அந்தப் பத்தி காலியாக வரும். டெஸ்டுக்குப் போய் அடி வாங்காமல் வீட்டிலேயே தெரிந்திருக்கும். குழுவிலிருந்து விடை தேவைப்படாத விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்: குழுவில் எத்தனை பேர் என்பதும், ஒரே குழுவினர் எல்லோருக்கும் ஒரே `HomePlanet` என்பதால் விட்டுப்போன கிரகத்தைக் கூட வந்தவரிடமிருந்து நிரப்புவதும்.

என் நோட்புக்கின் கடைசி ஸ்கோர், காப்பியடித்ததைவிடச் சுமார் 0.004 குறைவு. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு கணக்குப் போட்டேன். 4277 பேரில் 0.004 என்றால் 17 பேர். 0.80 துல்லியத்தில் இவ்வளவு பேரை வைத்து அளந்தால் தற்செயலாக வரும் ஆட்டமே √(0.8×0.2/4277), அதாவது சுமார் 0.006. சந்தேகம் தீர, காப்பியடித்த நோட்புக்கைத் திரும்பத் திறந்து, தற்செயல் எண்களின் தொடக்கத்தை மட்டும் தீர்மானிக்கும் `random_state`-ஐ 42-லிருந்து 43 ஆக்கி ஓடவிட்டு அனுப்பினேன். வேறு எதையும் தொடவில்லை. ஸ்கோர் என்னுடையதற்குக் கீழே இறங்கியிருந்தது.