ஹார்மோன் மருந்து எடுப்பதா வேண்டாமா என்று நான் மூன்று மாதம் குழம்பிய கதை

எனக்கு 49 வயது, மாதவிடாய் நின்று பதினான்கு மாதம். ராத்திரி இரண்டரை மணி வாக்கில் நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி கழுத்து, முகம், காது என்று ஏறும், இரண்டு மூன்று நிமிடத்தில் நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதே வேர்வை குளிர்ந்து நடுங்க வைக்கும். மாற்று நைட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டே படுக்கப் பழகிவிட்டேன். மார்கழியில் ஃபேன் ஐந்தில் ஓடியது, வீட்டுக்காரர் குல்லா போட்டுக்கொண்டு தூங்கினார்.

முதலில் பார்த்த டாக்டர் "இந்த வயசுல இப்படித்தான் இருக்கும்" என்று வைட்டமின் எழுதிக் கொடுத்தார். இரண்டாவது டாக்டர் இந்தச் சூடு எத்தனை தடவை வருகிறது என்று இரண்டு வாரம் எண்ணி எழுதிக்கொண்டு வரச் சொன்னார். பகலில் ஆறு ஏழு, ராத்திரி மூன்று. தைராய்டும் இப்படிப் படுத்தும் என்பதால் அதையும் பார்த்தார், சரியாக இருந்தது. பிறகுதான் ஹார்மோன் பேச்சை எடுத்தார்.

நான் பயந்துவிட்டேன். பெரியம்மாவுக்கு 68 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. அதோடு 2002இல் அமெரிக்காவில் ஹார்மோன் மருந்து பற்றிய ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்திய செய்தி எல்லோருக்கும் போல எனக்கும் மனதில் தங்கியிருந்தது. டாக்டர் அதையே எடுத்து விளக்கினார்: அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63, மருந்து எடுக்காதவர்களைவிடக் கூடுதலாக வந்த மார்பகப் புற்றுநோய் பத்தாயிரம் பேருக்கு வருடத்துக்கு எட்டு. அறுபதுக்குள், மாதவிடாய் நின்ற பத்து வருடத்துக்குள் ஆரம்பித்தால் கணக்கு பெரும்பாலும் நமக்குச் சாதகம்தான், ஆனால் வருடங்கள் கூடக் கூட அந்த ஆபத்தும் கூடும், மறைக்க மாட்டேன் என்றார். பெரியம்மாவுக்கு வந்தது மட்டுமே தடை இல்லையாம். எனக்கே வந்திருந்தாலோ, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தாலோ கொடுத்திருக்க மாட்டாராம்.

எனக்கு பிரஷர் கொஞ்சம் உண்டு. மாத்திரையாக விழுங்கினால் ஈஸ்ட்ரோஜன் என்ற அந்த ஹார்மோன் கல்லீரல் வழியாகப் போய் ரத்தம் உறைவதைத் தூண்டும், தோலில் தடவும் ஜெல்லில் அந்தத் தொல்லை இல்லை என்பதால் ஜெல். கர்ப்பப்பை இருப்பதால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதாது, கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்து அங்கே புற்றுநோய் வரலாம். அதைத் தடுக்க ராத்திரி புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் 100 மில்லிகிராம். அது தூக்கக் கலக்கம் தரும், எனக்கு அதுவே வரமாகிவிட்டது!

மேமோகிராமும் ஸ்கேனும் முடித்து ஆரம்பித்தேன். குளித்துத் துடைத்த பிறகு மேல்கையில் தடவி, காயும் வரை பேத்தியைத் தூக்குவதில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் ஐந்தரை வரை தூங்கியிருக்கிறேன், அலாரம்தான் எழுப்பியது. இரண்டாவது மாதம் லேசாகத் தீட்டுப் பட்டது, பதறிப் போனேன். ஆரம்ப மாதங்களில் படலாம், ஆறு மாதம் தாண்டியும் பட்டாலோ, நின்று திரும்ப வந்தாலோ உடனே வரணும் என்றார். பட்ட நாட்களை காலண்டரில் சுற்றி வைத்தேன், மூன்றாம் மாதத்துக்கு அப்புறம் ஒரு சுற்றும் இல்லை.