ஓணத்துக்கு முந்தைய வாரம் கையில் பணம் இருக்குமா? சிப்ஸ் தொழிலுக்கு 12 மாத பணவரவுக் கணக்கு போட்ட கதை

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம் நானும் மச்சானும் சேர்ந்து நேந்திரன் சிப்ஸ் போடும் யூனிட் ஒன்றை இந்த ஏப்ரலில் தொடங்கியிருக்கிறோம். சீவும் மெஷின், உருளி, பேக்கிங் மெஷின் எல்லாம் மார்ச்சிலேயே வாங்கி முடித்துவிட்டோம். அதற்கு எடுத்த கடன் போக, ஓணம் சீசனுக்கென்று தனியாக ஒரு ஓடி, அதாவது தேவைப்படும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் ஓவர்டிராஃப்ட், வேண்டும் என்று வங்கியில் கேட்டபோது, 12 மாதத்துக்கு மாத வாரியாகப் பணவரவுக் கணக்கு கொண்டு வரச் சொன்னார்கள். லாப நட்டக் கணக்கு வேண்டாம், எந்த மாதம் எவ்வளவு பணம் உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது, மாதக் கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்பது மட்டும் போதும் என்றார் மேனேஜர். அதைப் போட்டு முடித்தபோது எங்கள் தொழிலைப் பற்றியே எங்களுக்குத் தெரியாத ஒன்று தெரிந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தொடக்க இருப்பு. ஏப்ரல் 1 அன்று வங்கிக் கணக்கிலும் கையிலும் சேர்த்து உண்மையாக இருந்த பணம் 2,40,000 ரூபாய், அவ்வளவுதான் எழுத வேண்டும். மெஷினின் மதிப்பு, கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ், வீட்டில் வைத்திருக்கும் நகை எதுவும் இதில் வராது. மெஷின் தேய்மானமும் வராது, ஏனென்றால் அதற்காக யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. ஆனால் கடன் தவணை முழுசாக, அசலும் வட்டியும் சேர்த்து, செலவில் வரும். லாபக் கணக்கில் அசல் செலவே இல்லை, இங்கே அது மாதா மாதம் 10ஆம் தேதி கணக்கிலிருந்து கழியும் 11,000 ரூபாய்.

அடுத்தது வரவு. விற்பனை வேறு, வரவு வேறு, இதில்தான் எல்லாம் இருக்கிறது. உள்ளூர்ப் பெட்டிக்கடை, பேக்கரி, பஸ் ஸ்டாண்ட் கடை இவர்கள் கைமேல் காசு கொடுப்பார்கள். பாலக்காடு, திருச்சூர் பக்கம் இருக்கும் பெரிய கடைகள் சரக்கை இறக்கிக்கொண்டு அடுத்த மாதம்தான் கொடுப்பார்கள். சாதாரண மாதத்தில் பாதிக்குப் பாதி. அதனால் ஏப்ரலில் 1,20,000 ரூபாய்க்கு விற்றாலும் ஏப்ரல் வரவு 60,000தான், மிச்சம் மே மாதக் கட்டத்தில் போய் உட்காரும்.

செலவில் எங்களுக்கு மாறாதது மாதம் 62,000: வாடகை 10,000, கூலி 30,000, கேஸும் கரண்டும் 8,000, தவணை 11,000, வண்டி 3,000. இதற்கு மேல் காய், எண்ணெய், பேக்கிங் கவர் மூன்றும் சேர்த்து விற்பனையில் 60 சதவீதம். காய் மேட்டுப்பாளையத்திலிருந்தும் சத்தியமங்கலம் பக்கத்திலிருந்தும் வருகிறது, தார் இறங்கிய அன்றே காசு. கடன் பேச்சே கிடையாது. அதாவது வாங்குவது ரொக்கத்துக்கு, விற்பது பாதி கடனுக்கு, இந்த இடைவெளியை நாம்தான் தாங்க வேண்டும்.

எல்லைப் பக்கம் இருப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து காய் வாங்கி வருவது பிரச்சினை இல்லை. ஆனால் கேரளத்தில் செய்த சிப்ஸை கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிக் கடைக்கு விற்றால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு, விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பதிவு எடுத்துவிட்டால் செலவுப் பக்கம் ஒரு வரி கூடும், அதுவும் கடை நமக்குப் பணம் கொடுத்ததா இல்லையா என்று பார்க்காமல் பில் போட்ட மாதத்தை வைத்தே கட்ட வேண்டும். அதனால் முதல் வருஷம் இந்தப் பக்கம் மட்டும் விற்பது என்று முடிவு செய்தோம், கணக்கில் அந்த வரி இல்லை.

ஷீட்டில் 2ஆம் வரிசை தொடக்க இருப்பு, 6 மொத்த வரவு, 15 மொத்தச் செலவு, 16 கடைசி இருப்பு. ஒரு மாதத்தின் கடைசி இருப்பு அடுத்த மாதத்தின் தொடக்க இருப்பாகத் தானாக ஓட வேண்டும், கையால் அடிக்கக் கூடாது. 17ஆம் வரிசை எச்சரிக்கை.

```
B16: =B2+B6-B15
C2:  =B16
B17: =IF(B16<0,"பற்றாக்குறை",IF(B16<$B$20,"கவனம்","சரி"))
```

B20 கட்டத்தில் 40,000 போட்டிருக்கிறோம், ஒரு மாத வாடகையும் கூலியும் சேர்ந்தது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் மட்டும் எச்சரிக்கை வரும்படி வைத்தால், அது வரும்போது செய்வதற்கு எதுவும் இருக்காது. 40,000க்குக் கீழே இறங்கும்போதே சொல்ல வேண்டும்.

சரி, கணக்கு என்ன சொன்னது? ஏப்ரல் கடைசியில் 1,66,000, மே 1,48,000, ஜூன் 1,50,000. ஜூலையில் ஓணத்துக்காக எண்ணெய் டின்னும் கவரும் 1,20,000 ரூபாய்க்கு முன்கூட்டி வாங்க வேண்டும், அதனால் 32,000க்கு இறங்கி ‘கவனம்’ என்று வந்தது. ஆகஸ்டில் மைனஸ் 50,000, ‘பற்றாக்குறை’. மறுபடி செப்டம்பரில் 2,24,000. வருஷக் கடைசியில் 3,12,000, தொடங்கியதை விட அதிகம்.

ஆகஸ்ட்தான் எங்கள் வருஷத்திலேயே பெரிய விற்பனை மாதம், ஐந்து லட்சம்! உப்பேரி எனும் சிப்ஸும் வெல்லம் சேர்த்த சர்க்கரை வரட்டியும் இல்லாமல் இங்கே ஓணச் சாப்பாடு இல்லை. அந்த மாதத்தில் பணம் இல்லை என்று வந்ததும் மச்சான் நம்பவே இல்லை, “ஃபார்முலா எங்கேயோ தப்பு மாப்பிள்ளை, திரும்பப் பாருங்க” என்றார். ஃபார்முலா சரியாகத்தான் இருந்தது. ஓண ஆர்டரில் பெரும்பகுதி பெரிய கடைகளுடையது, அதனால் அந்த மாதம் கைமேல் வருவது 30 சதவீதம்தான், 1,50,000. ஜூலை பாக்கி 80,000 சேர்த்தால் வரவு 2,30,000. எண்ணெய்க்கும் கவருக்கும் ஜூலையிலேயே கொடுத்த 1,20,000 போகவும் செலவு 3,12,000, ஏனென்றால் ஓணம் நெருங்க நெருங்கக் காய் விலை ஏறும் என்று 30,000 கூட வைத்தோம், கூடுதல் ஆட்களுக்கு 40,000. மூன்றரை லட்சம் ரூபாய் செப்டம்பரில்தான் வருகிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் 50,000 ரூபாய் ஓடி கேட்டிருப்போம். பற்றாக்குறை வந்த மாதத்தை மட்டும் வாரமாக உடைத்துப் பாருங்கள் என்று மேனேஜர் சொன்னார், அது நல்ல யோசனை. இந்த வருஷம் திருவோணம் ஆகஸ்ட் 26. போன வருஷம் செப்டம்பர் 5. இந்தப் பத்து நாள் வித்தியாசம் மாதக் கணக்கையே மாற்றிவிடும், போன வருஷத்து ஆர்டரை வைத்துக் கடைக்காரர்கள் சொல்லும் தேதியை அப்படியே எடுத்தால் காய் வாங்கும் செலவு தப்பான வாரத்தில் விழும். ஓணத்துக்கு ஒரு வாரம் முன்னால் சரக்கு கடையில் இருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டோம்.

முதல் வாரம் ஜூலை பாக்கியில் 50,000 வந்துவிடும், கையில் 47,000 நிற்கிறது. 9 முதல் 15 வரை காய்க்கு மட்டும் 90,000, கூடவே தவணையும் ஆள் கூலியும், இருப்பு மைனஸ் 14,000. 16 முதல் 22 வரை மறுபடியும் 90,000க்குக் காய், அந்த வாரம் கைமேல் வருவது 40,000தான், மைனஸ் 92,000. அதற்கப்புறம் உள்ளூர்க் கடைகளின் காசு வந்து மாதக் கடைசியில் மைனஸ் 50,000க்கு ஏறுகிறது. மாதக் கடைசியை மட்டும் பார்த்தால் தெரியாத பள்ளம் நடுவில் இருக்கிறது. 50,000 ஓடியோடு நின்றிருந்தால் ஆகஸ்ட் மூன்றாவது வாரம் தார் வண்டி வாசலில் நிற்கும், காசு இருக்காது, தண்டல்காரரிடம்தான் போக வேண்டியிருக்கும்.

இன்னொரு சோதனையும் போட்டோம். மூன்றரை லட்சம் ஒரு மாதம் தள்ளி அக்டோபரில் வந்தால்? செப்டம்பர் கடைசி மைனஸ் 1,26,000. பெரிய கடைகள் ஓண வசூலை வைத்துக்கொண்டு ஒரு மாதம் இழுப்பது இந்தப் பக்கம் நடக்காத விஷயம் இல்லை, அதனால் இந்த எண்ணைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். 1,50,000 கேட்டோம்.

அதற்கு முன்னால் ஓடி இல்லாமல் சமாளிக்க முடியுமா என்றும் பார்த்தோம். ஒரு பெரிய கடைக்கு ஒரு லட்ச ரூபாய் சரக்கில் 2 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் இறக்கிய அன்றே காசு தருவார்கள். மூன்றாவது வாரப் பள்ளம் அடைபட்டுவிடும். ஆனால் தள்ளுபடி 2,000 ரூபாய். அதே ஒரு லட்சத்துக்கு ஓடியில் ஒரு மாத வட்டி, வருஷத்துக்கு 11 சதவீதம் என்று வைத்தாலும், ஆயிரத்துக்கும் குறைவு, எடுத்த தொகைக்கு எடுத்த நாட்களுக்கு மட்டும்தான். அதோடு ஒரு தடவை தள்ளுபடி கொடுத்தால் அடுத்த ஓணத்துக்கும் கேட்பார்கள். ஓடி கிடைக்காவிட்டால் மட்டும் அந்த வழி என்று வைத்துக்கொண்டோம்.

மேனேஜர் நேராக ஆகஸ்ட் கட்டத்துக்குத்தான் போனார், அதிகம் விற்கும் மாதத்தில் ஏன் மைனஸ் என்று கேட்டார். வாரக் கணக்கைக் காட்டி, எந்தக் கடையிலிருந்து எவ்வளவு எப்போது வரும் என்று ஆர்டர் சீட்டுகளையும் வைத்தோம். பணம் எதற்குப் போகிறது என்பதை விட எதிலிருந்து திரும்பி வரும் என்பதைத்தான் அதிகம் கேட்டார்கள். 1,50,000க்கு ஓடி சாங்ஷன் ஆகிவிட்டது.

இப்போது ஒவ்வொரு மாதமும் முடிந்ததும் அந்தக் கட்டத்தில் கணிப்பை அழித்துவிட்டு உண்மையான எண்ணைப் போடுகிறோம். முதல் சில ஈடுகளில் பக்குவம் பார்க்கக் கேஸ் அதிகம் போனதால் ஏப்ரல் 1,66,000க்குப் பதில் 1,58,000இல் முடிந்தது. அந்த 8,000 அப்படியே மாதா மாதம் தொடர்ந்து ஆகஸ்ட் வாரப் பள்ளத்தைச் சரியாக ஒரு லட்சமாக்கிவிட்டது, கடைகள் இழுத்தால் செப்டம்பர் கடைசி மைனஸ் 1,34,000. ஓடி எல்லைக்கு இன்னும் 16,000தான் மிச்சம். ஆகஸ்ட் பள்ளத்தையாவது குறைக்க, ஜூலையில் வாங்கும் எண்ணெயில் கொஞ்சத்துக்கான பணத்தை ஆகஸ்ட் கடைசியில் கொடுக்க முடியுமா என்று மச்சான் எண்ணெய்க் கடையில் பேசிக்கொண்டிருக்கிறார்.