விடை கிட்டத்தட்ட பாதியாக வந்தது: ஒளிவேகத்துக்கு அருகே நான் செய்த ஒரு தப்பு

செமஸ்டர் தேர்வில் வந்த கேள்வி இது. c என்பது ஒளிவேகம் என்றால், ஓர் எலக்ட்ரானை 0.99c-யிலிருந்து 0.999c-க்குக் கொண்டுபோக எவ்வளவு வேலை செய்ய வேண்டும்? எனக்கு 3.9 மெகா எலக்ட்ரான் வோல்ட் வந்தது. சரியான விடை 7.8. கிட்டத்தட்ட பாதியாக இருந்ததால் எங்கோ ஒரு 2 விட்டுப்போச்சு என்றுதான் வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் தேடினேன். விட்டுப்போனது 2 இல்லை, சூத்திரமே தப்பு.

நான் செய்தது இதுதான்: வேகம் v-யில் நிறை γ = 1/√(1 − v²/c²) மடங்கு ஆகிவிடுகிறது என்று படித்திருந்ததால், பழைய ½mv²-இல் m-க்குப் பதிலாக γm போட்டுவிட்டேன். இதில் வம்பு என்னவென்றால், குறைந்த வேகத்தில் γ கிட்டத்தட்ட 1 என்பதால் இந்தத் தப்புச் சூத்திரமும் ½mv² ஆகிவிடும், அதனால் அங்கே சரிபார்த்தால் பிடிபடாது. உண்மையான இயக்க ஆற்றல்:

K = (γ − 1)mc²

வேகம் c-யை நெருங்கும்போது இது γmc²-ஐ ஒட்டிப் போகும், என் சூத்திரமோ அதில் பாதியை ஒட்டிப் போகும். பாதி வந்த கதை அதுதான்.

சரியாகப் போட்டால் கணக்கு சின்னது. 0.99c-யில் γ = 7.09, 0.999c-யில் 22.37, வித்தியாசம் 15.28. எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றல் mc² = 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட், பெருக்கினால் 7.8. இதே எலக்ட்ரானை ஓய்விலிருந்து 0.99c வரை கொண்டுவரவே 6.09 × 0.511, அதாவது 3.1 தான் ஆகிறது. ஆக, மிச்சமிருந்த அந்தத் துளி வேகத்துக்கு அதுவரை செலவழித்ததைப் போல் இரண்டரை மடங்கு!

அப்புறம், 0.9999999c மாதிரி கேட்டால் கால்குலேட்டரில் நேராக வர்க்கம் எடுக்காதீர்கள், இலக்கங்கள் தொலைந்துபோகும். c-க்கு இன்னும் எவ்வளவு குறைகிறது என்பதை ε என்று வையுங்கள், அதாவது v = (1 − ε)c. அப்போது 1 − v²/c² ஏறக்குறைய 2ε, எனவே γ ≈ 1/√(2ε). இங்கே ε = 10⁻⁷, γ சுமார் 2236. எல்லையும் இதிலேயே தெரிகிறது: ஒவ்வொரு 9 கூடும்போதும் γ √10 மடங்கு, சுமார் 3.16 மடங்கு ஆகும், ε பூஜ்ஜியத்தை நோக்கிப் போகப்போக அதற்கு உச்சவரம்பே கிடையாது.

"c-யில் ஆற்றல் முடிவிலி" என்று எழுதினால் சில திருத்துநர்கள் மதிப்பெண் குறைப்பார்கள், அது நியாயம்தான், ஏனென்றால் v = c-யில் சூத்திரம் பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொல்கிறது, அங்கே மதிப்பே இல்லை. நான் இப்போது சூத்திரத்தைத் திருப்பி எழுதிக் காட்டுவேன்:

v = c√(1 − 1/(1 + K/mc²)²)

K எவ்வளவு பெரிதானாலும், முடிவுள்ள எண்ணாக இருக்கும்வரை, வர்க்கமூலத்துக்குள் இருப்பது 1-ஐவிடக் குறைவு, அதனால் v எப்போதும் c-க்குக் கீழேதான்.