வெள்ளத்துக்குக் கொடுத்த நன்கொடையும் 80ஜி கழிவும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். பாளையங்கோட்டையில் எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் தப்பித்தோம். அந்த வாரம் கையில் இருந்ததைக் கொடுத்தேன். முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு 10,000 ரூபாய், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வேலை செய்த ஒரு அறக்கட்டளைக்கு வங்கி வழியாக 25,000, அதே அறக்கட்டளைக்கு நேரில் போனபோது ரொக்கமாக 5,000, அதோடு சுமார் 8,000 ரூபாய்க்கு அரிசியும் போர்வையும்.

கொடுக்கும்போது வரி ஞாபகமே இல்லை. 2024 ஜூனில் வருமானவரிக் கணக்கு போட உட்கார்ந்தபோதுதான் இதில் எதற்குக் கழிவு உண்டு, எதற்கு இல்லை என்று தேடிப் பார்த்தேன். நன்கொடையை வரிக்கான வருமானத்திலிருந்து கழிக்க விடுவது வருமானவரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு, அது பணமாகக் கொடுத்ததை மட்டுமே கணக்கில் எடுக்கும், ஆகவே அரிசியும் போர்வையும் போச்சு. ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் கழிவு கிடையாது. 5,000 கொடுத்தால் 2,000 வரைக்குமாவது கிடைக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை, முழுத் தொகையும் போய்விடும். மிஞ்சியது வங்கி வழியாகப் போன இரண்டுதான். நிவாரண நிதிக்குக் கொடுத்ததில் நூறு சதவீதமும் வருமானத்திலிருந்து கழியும். அறக்கட்டளைக்குக் கொடுத்ததில் பாதிதான் கழியும், அதற்கு மேல் வரம்பும் உண்டு: மற்றக் கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் பத்து சதவீதம். எனக்கு அது 67,500 வந்தது, அதனால் வரம்பு இடிக்கவில்லை.

ஆக 10,000மும் 12,500ம் சேர்த்து 22,500 ரூபாய் கழிவு. பழைய வரி முறையில் நான் இருபது சதவீத அடுக்கில் இருந்தேன், செஸ் சேர்த்தால் 20.8. மிச்சமாகும் வரி 4,680 ரூபாய். நான் கொடுத்த 35,000ல் அவ்வளவை அரசாங்கம் தன் வருவாயிலிருந்து விட்டுக்கொடுக்கிறது. பள்ளியில் சம்பளத்தில் வரி பிடித்தபோது இந்த நன்கொடையைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதால் இது ரீஃபண்டாகத்தான் வரவேண்டும்.

சிக்கல் அறக்கட்டளைப் பக்கம் வந்தது. 2021-22ஆம் நிதியாண்டிலிருந்து இப்படிப்பட்ட நன்கொடைக்கு வெறும் ரசீது செல்லாது. வருடம் முடிந்து மே 31க்குள் அறக்கட்டளை தனக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று 10பிடி என்ற படிவத்தில் வருமானவரித் துறைக்குச் சொல்லவேண்டும், அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் 10பிஇ என்ற சான்றிதழ் உருவாகும், அதில் இருக்கும் எண்ணை நம் கணக்கில் 80ஜி அட்டவணையில் போடவேண்டும். எனக்கு ஜூன் கடைசி வரை எதுவும் வரவில்லை. அறக்கட்டளையின் பொருளாளர் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். "என்ன டீச்சர், ரசீதுதான் அன்னைக்கே தந்தாச்சே, அதைக் காமிச்சா போதாதா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, வெள்ள நேரத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடியவர், படிவமெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டிருந்தார்.

ஆடிட்டர் மே மாதமே போட்டிருந்தாராம், சான்றிதழ்களை இறக்கி அனுப்பத்தான் ஆள் இல்லை. வாட்ஸப்பில் வந்ததும் முதலில் தொகையைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பான் எண்ணைப் பார்த்தால் நடுவில் நான்கு இலக்கங்களில் இரண்டு இடம் மாறிக் கிடந்தன. நோட்டில் எழுதியதைக் கணினியில் ஏற்றும்போது நடந்த பிழை. அப்படியே விட்டால் துறையின் கணக்கில் அந்த 25,000 வேறு யாரோ கொடுத்ததாக இருக்கும், என் கழிவை வெட்டிவிட இடம் கொடுத்ததாக ஆகும். திருத்திய 10பிடி போட்டால்தான் புதிய 10பிஇ வரும். ஜூலை 31 கடைசித் தேதி. தாமதமாகக் கணக்கு போட்டால் பழைய வரி முறையைத் தேர்வு செய்யவே முடியாது, புது முறையில் 80ஜி இல்லவே இல்லை, அதோடு வீட்டுக்கடன் வட்டிக் கழிவும் போய்விடும். அந்த மூன்று வாரம் நாள் விட்டு நாள் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். ஜூலை 24 சாயங்காலம் சரியான சான்றிதழ் வந்தது, 26ஆம் தேதி கணக்கை முடித்தேன். நிவாரண நிதிக்கு இந்த 10பிஇ வேலை இல்லை, ரசீதே போதும்.

இந்தப் படிவங்கள்மேல் முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் என் நன்கொடையில் அரசாங்கம் ஒரு பங்காளி. தன் பங்கு 4,680ஐ வைக்கிற ஆள் கணக்கு கேட்கத்தானே செய்வான். கமிஷன் வாங்கிக்கொண்டு பொய் ரசீது கொடுக்கிற பழக்கம் நாட்டில் நிறைய இருந்தது, அப்படி ஒவ்வொரு ரசீதும் கஜானாவிலிருந்து எடுத்த பணம்.

ஏன் பங்காளி ஆகவேண்டும் என்பதற்கும் ஒரு பதில் உண்டு. அமெரிக்காவில் 1917ல், முதல் உலகப் போருக்காக வருமானவரியை ஏற்றியபோது, பணக்காரர்கள் கொடுப்பதை நிறுத்திவிட்டால் கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் என்ன ஆகும் என்ற பயத்தில்தான் இந்தக் கழிவைச் சட்டமாக்கினார்கள். அந்த வேலையை யாரும் செய்யாவிட்டால் கடைசியில் அரசுதான் முழுச் செலவும் செய்யவேண்டும், பாதியை மக்கள் விருப்பத்தோடு போட்டால் அரசுக்கு லாபம். எங்கள் ஊர் வெள்ளத்தில் எந்தத் தெருவுக்குப் படகு போகவில்லை என்பது அந்த அறக்கட்டளைப் பையன்களுக்குத்தான் முதலில் தெரிந்தது, அதையும் பார்த்தேன்.

எனக்கு உறுத்துவது வேறு. முப்பது சதவீத அடுக்கில் இருப்பவர் அதே 25,000 கொடுத்தால் அவருக்கு 3,900 மிச்சம், எனக்கு 2,600. எங்கள் தெருவில் பீடி சுற்றும் அக்கா ஒருவர் அன்றைக்கு 500 ரூபாய் கொடுத்தார். அவருக்கு வரியே இல்லை, அதனால் அவர் கொடுத்ததில் அரசின் பங்கு பூஜ்யம். பிரிட்டனில் கொடுப்பவர் ஒரு பவுண்டு கொடுத்தால் அரசு 25 பென்ஸை நேராகத் தொண்டு நிறுவனத்துக்கே சேர்க்கிறது, எந்த அடுக்கில் இருந்தாலும் நிறுவனத்துக்குப் போவது ஒன்றுதான். அங்கேயும் கொடுப்பவர் வரி கட்டியவராக இருக்கவேண்டும், ஆனாலும் அந்த முறை எனக்கு நியாயமாகப் படுகிறது.

கோயில் கொடைக்கு வீட்டுக்கு வீடு கொடுக்கிற பணத்தைப் பற்றி எங்கள் பள்ளி ஆபீசில் ஒருவர் கேட்டார். அதற்குக் கழிவு கிடையாது. முழுக்க மதக் காரியமாக இருப்பது 80ஜியில் வராது. மத்திய அரசு அறிவிக்கை செய்த பெயர்பெற்ற கோயில், மசூதி, தேவாலயங்களின் திருப்பணிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

ரீஃபண்ட் செப்டம்பரில் வந்தது. 2025-26ல் புது முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை என்று ஆனதால் நானும் அதற்கு மாறிவிட்டேன், இனி என் நன்கொடையில் அரசின் பங்கு இல்லை. இந்த வருடம் பணம் அனுப்பியபோதும் அண்ணாச்சி பான் கேட்டார். எனக்குக் கழிவு வேண்டாமென்றாலும் அவர் 10பிடியில் என் பெயரை எழுதத்தான் வேண்டும். அவரே எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டிவிட்டு, "சரிதானே டீச்சர்?" என்றார்.